வெள்ளி, மாலை ஐந்து, இலங்கை நேரம்

நான் எழுதும் மெயிலை வாசித்தால் கோர்ட்டு நோட்டீஸ் வாசிப்பது போல இருக்கிறது என்று எங்கள் முதலாளி எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். இருக்கட்டுமே. நோட்டீஸாகவே இருந்துவிட்டுப் போகட்டும். குழைந்து குழைந்து எழுதி, பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார எனக்கு நேரமில்லை.

முதலாளி மாத்தளை டவுனில் கராம்பு, மிளகு, சாதிக்காய் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். கீழே ஸ்டோர், மேலே ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர், சுற்றும்போது முனகுகிற ஒரு ஃபேன், நான். அவருடைய வாப்பா காலத்திலிருந்து நடக்கிற வியாபாரம். யட்டவத்தப் பக்கத்துச் சின்னச் சின்னத் தோட்டக்காரர்கள் கராம்பைக் காயவைத்துக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அவர் ஒரு பிடி அள்ளி, மொட்டு ஒன்றை நகத்தால் அழுத்தி, முகர்ந்து பார்த்து விலை சொல்வார். அந்த விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. நானே சொல்கிறேன், கெட்டிக்காரர். ஆனால் வெளிநாட்டுக்காரரோடு பேசும்போது மட்டும் அந்தக் கெட்டித்தனம் எங்கே போகும் என்று தெரியாது.

"அடுத்த கிழமை அனுப்பிருவம்" என்பார். எந்த வாரம், எந்த நாள் என்று கேட்டால் முறைப்பார். "ஜும்மா முடிஞ்சி பேசுவம்" என்பார். ஒரு தடவை, மெல்பேர்னிலிருந்து எங்களிடம் சரக்கு வாங்குகிற ஒரு அம்மாவுக்குப் போனில் தெரிந்த இங்கிலிஷில் குரல் பதிவு செய்து, போயாவுக்கு முன்னால் சரக்கு ஏறிவிடும் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் எல்லாமே அப்படித்தான். கடன் கொடுப்பது, கல்யாணம் பேசுவது, கூரை வேய்வது எல்லாவற்றுக்கும் போயாவுக்கு முன்னால், போயாவுக்குப் பின்னால் என்று ஒரு கணக்கு உண்டு. பௌர்ணமியைப் போயா என்று சொல்லி லீவு விடுகிற நாட்டில் அது எல்லாருக்கும் விளங்கும். மெல்பேர்னில் யாருக்கு விளங்கும்? அந்த அம்மா எனக்கு எழுதினார், போயா என்பது எந்தத் துறைமுகம், என் வரைபடத்தில் காணவில்லையே என்று. நான் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. முதலாளி சிரிக்கவில்லை.

டொலர் கதை அதைவிட மோசம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிட்னியில் ஒருவர் மிளகு கேட்டார். முதலாளி போனிலேயே விலை சொன்னார், கிலோ இத்தனை டொலர் என்று. எந்த நாட்டு டொலர் என்று இவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இவர் மனதில் அமெரிக்க டொலர். அவர் மனதில் அவர் சட்டைப்பையில் கிடக்கிற அவுஸ்திரேலிய டொலர். இரண்டுக்கும் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். சாக்குகள் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்து, நாங்கள் பில் அனுப்பிய பிறகுதான் விஷயம் வெடித்தது. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். பொய்யே சொல்லாமல் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கள்ளன் என்று ஏசிக்கொண்டார்கள். நட்டத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு பிரிந்தார்கள். அந்த ஆள் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அன்றைக்கே நான் தீர்மானித்துவிட்டேன். என் கையால் போகிற எந்த மெயிலிலும் டொலர் என்று மொட்டையாகப் போகாது. அமெரிக்க டொலர், ஒரு கிலோவுக்கு, கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேற்றிக் கொடுப்பது வரை எங்கள் செலவு, அதற்குப் பின் உங்கள் செலவு. திகதியை இலக்கத்தில் மட்டும் எழுத மாட்டேன். ஒரு அமெரிக்கத் தரகர் மூன்றாம் மாதம் நாலாம் திகதியை நாலாம் மாதம் மூன்றாம் திகதி என்று வாசித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் மாதத்தை எழுத்தில் எழுதுவேன், கிழமையையும் போடுவேன். திகதியில் நான் தவறினாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். நேரம் எழுதினால் இலங்கை நேரம் என்று போட்டு, பக்கத்திலேயே அவர்கள் ஊரில் அது எத்தனை மணி என்றும் போடுவேன். மெல்பேர்ன்காரர் வெயில் காலத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைப்பார்கள், ஏப்ரல் முதல் ஞாயிறு திரும்பப் பின்னுக்கு இழுப்பார்கள். அதனால் அவர்கள் எங்களைவிடச் சில மாதம் ஐந்தரை மணித்தியாலம் முந்தி இருப்பார்கள், சில மாதம் நாலரை. ஒவ்வொரு தடவையும் பார்த்துத்தான் எழுத வேண்டும், ஞாபகத்தை நம்பக் கூடாது.

"இதென்ன புள்ள, ஒரு வெல சொல்றதுக்கு இவ்வளவு பந்தலா?" என்பார் முதலாளி. "சொகமா ஈக்கிறீங்களான்னு கேட்டு ஒரு வரி போடேன். மனுசரோட பேசுறமா, மெசினோட பேசுறமா?"

"சொகம் கேட்டும் ஒரு வரி போட்டிருக்கேன் முதலாளி. கடைசில இருக்கு."

"கடைசில போட்டா யாரு வாசிக்கிற?"

"மேல உள்ளத வாசிச்சு விளங்கிட்டா, சொகமாத்தான் இருப்பாங்க."

இப்படியே எங்களுக்குள் சின்னச் சின்ன உரசல். ஆனால் அவர் என்னைத் தடுக்கவும் இல்லை. வந்த வாங்குநர்கள் போகாமல் நின்றார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

இனி அந்தப் பெப்ரவரிக்கு வருகிறேன். கராம்புப் பருவம். மெல்பேர்ன் அம்மா ஒரு பெரிய தொகை கராம்புக்கு விலை கேட்டார். எங்கள் ஸ்டோரில் அதில் பாதிதான் இருந்தது. மீதியைப் பத்துப் பதினைந்து நாளில் வாங்கிவிடலாம் என்று முதலாளிக்கு நம்பிக்கை. விலையை அன்றைய சந்தைக்குப் பார்த்துச் சொன்னார். எவ்வளவு நாளைக்கு இந்த விலையைப் பிடித்து வைப்பது என்று கேட்டேன்.

"வெள்ளிக்கெழம பின்னேரம் வரைக்கும் குடு."

"வெள்ளி போயா முதலாளி. கட மூடி."

"அதுக்கென்ன? போயாவுக்கு மெயிலுக்கும் லீவா? ஒண்ட போன்ல வருந்தானே?"

இதை அவர் வாயாலேயே சொன்னார். நான் அப்படியே எழுதினேன். இந்த விலை வெள்ளிக்கிழமை, 23 பெப்ரவரி, மாலை ஐந்து மணி இலங்கை நேரம் வரை செல்லும். அது மெல்பேர்னில் அதே வெள்ளி இரவு பத்தரை மணி. அன்று இங்கே பொது விடுமுறை, கடை மூடியிருக்கும், ஆனாலும் அந்த நேரம் வரை வருகிற மெயிலை நான் பார்ப்பேன், கிடைத்ததும் பதில் போடுவேன். அந்த நேரத்துக்குள் உங்கள் சம்மதம் வந்தால் விலை உறுதி, வராவிட்டால் புது விலை கேட்க வேண்டும். எழுதி முடித்து வரி வரியாகத் தமிழில் அவருக்குச் சொன்னேன். அவர் ஜன்னலால் எட்டிப் பார்த்து, கீழே லொறிக்காரனோடு சத்தம் போட்டுக்கொண்டே, "சரி சரி, அனுப்பு அனுப்பு" என்றார்.

வெள்ளிக்கிழமை நான் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். போனைத் துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். நாலரை மணிக்கு டிங் என்றது. மெல்பேர்ன் அம்மாதான். இங்கே இரவு பத்து மணி, படுக்கப் போகும் முன் எழுதுகிறேன், உங்கள் விலைக்கும் நிபந்தனைக்கும் சம்மதம் என்று எழுதியிருந்தார். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உடனே பதில் போட்டேன். உங்கள் சம்மதம் இலங்கை நேரம் நாலரைக்குக் கிடைத்தது, விலை உறுதி. பிறகு முதலாளிக்குப் போன் பண்ணினேன். "மாஷா அல்லாஹ்" என்றார். போனிலேயே பிளேன்டீ உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு சந்தோசம்.

அந்தச் சந்தோசம் ஒரு ராத்திரிதான் நின்றது.

சனிக்கிழமை நான் படியேறும்போதே கீழே ஸ்டோரில் பேச்சு சரியில்லை. முதலாளியின் மகன் சாக்குக் குவியலில் உட்கார்ந்து போனில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். முப்பது வயது மனுசன், சரக்கு வாங்குவது அவர் பொறுப்பு. என்ன விஷயம் என்று கேட்டேன்.

"அக்கா, கொழும்புலருந்து ரெண்டு லொறி வந்து யட்டவத்தைய வழிச்செடுத்துட்டு போயிட்டுது. கேட்ட வெலயக் குடுக்கிறாங்க. இனி நம்மட வெலைக்கு ஒரு மொட்டுக் கூட வராது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாதிச் சரக்கு கையில் இல்லை. அதைப் புது விலைக்கு வாங்கிப் பழைய விலைக்கு அனுப்ப வேண்டும். முதலாளிக்கு நல்ல அடி. பாவமாகத்தான் இருந்தது. மேலே போனால் அவர் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் கதிரையில் அவர் உட்கார்ந்ததே இல்லை, அன்றும் உட்காரவில்லை. மெல்பேர்ன் அம்மாவின் மெயிலைப் பிரின்ட் எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். மகனும் ஏறி வந்தார். கடிதத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"வாப்பா, இங்க பாருங்க. ராவு பத்து மணிக்கு எழுதினேன்னு அவவே எழுதீக்கிறா. நாங்க குடுத்த டைம் அஞ்சு மணி. அஞ்சு மணித்தியாலம் பிந்தி!"

முதலாளியின் முகம் தெளிந்தது. "அப்ப சரி. புள்ள, எழுது. நீங்க பிந்திட்டீங்க, அந்த வெல முடிஞ்சி போச்சி, இப்ப புது வெல இதுன்னு எழுது."

நான் சிரித்தே விட்டேன். பகிடி விடுகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

"முதலாளி, அவங்க பத்து மணி நம்ம நாலரை. அரை மணித்தியாலம் முந்தியே அனுப்பிட்டாங்க. நான் எழுதினதுலயே ரெண்டு நேரமும் இருக்கே."

"அவங்கட நேரமும் நம்மட நேரமும் கொழம்புறது சகஜந்தானே. அந்தக் கொழப்பத்துல ஒரு வழி எடுக்கலாம்."

"கொழப்பமே இல்லையே! கொழப்பம் வரக் கூடாதுன்னுதானே நோட்டீஸ் மாதிரி எழுதினேன். அதோட, கிடைச்சிருச்சு, விலை உறுதின்னு நேத்தே பதிலும் போட்டாச்சு."

அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு மெதுவாக, எனக்கு ஏதோ நல்லது சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"அப்ப இப்பிடி எழுது. ஆபீஸ்ல எழுதுற புள்ள நேரத்தப் பிழையாப் போட்டுட்டா. போயா அன்டைக்கு எங்கட்ட கேக்காம அவவாவே பதிலும் அனுப்பிட்டா. கம்பெனி அதுக்குப் பொறுப்பில்ல. கிளார்க்கு விட்ட பிழைன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க புள்ள. ஒனக்கு நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல."

ஐயோ, எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது! காதெல்லாம் சுட்டது. இத்தனை வருசமாக ஒவ்வொரு நேரத்தையும் இரண்டு தடவை சரிபார்த்து எழுதுகிறவள் நான். செய்யாத பிழையை, என் கையாலேயே, என் பெயரைப் போட்டு எழுத வேண்டுமாம்.

"நான் எழுத மாட்டேன்" என்றேன்.

"மாட்டியா?"

"மாட்டேன் முதலாளி. விலை ஏறிருச்சு, நட்டம் வருது, தயவு பண்ணுங்கன்னு கேக்கச் சொன்னா கேக்கிறேன். காலப் புடிச்சுன்னாலும் கேக்கிறேன். அவங்க பிந்திட்டாங்கன்னும் எழுத மாட்டேன், நான் பிழை விட்டேன்னும் எழுத மாட்டேன்."

"அப்ப திங்கக்கெழம அந்தக் கதிரைல வேற ஆள் இருக்கும். யோசிச்சுக்க."

"இருக்கட்டும். கதிரை உங்கட. பேர் என்னோடது."

நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். படியில் இறங்கும்போதே மனதில் கணக்குப் போட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் மகளின் டியூஷன் காசு, வீட்டு வாடகை, எல்லாம். டவுனில் இங்கிலிஷில் மெயில் எழுதத் தெரிந்தவர்களுக்கு வேலை கிடைக்காமல் போகாது, ஆனால் இந்தச் சம்பளம் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கட்டிய வீட்டுக்காரர் என்னோடு ஒரு பாடு வாதாடினார். த்ரீவீலர் ஓட்டுகிறவர், நல்ல மனுசன், சண்டை என்றாலே ஒதுங்குகிறவர்.

"எழுதிக் குடுத்துட்டா என்னா? அந்த வெள்ளைக்காரியம்மா உன் முகத்தப் பாத்திருக்காங்களா? அவங்க எங்க, நீ எங்க?"

"முகம் தெரியாததாலதாங்க எழுதக் கூடாதுங்குறேன். அவங்களுக்கு என்னைப் பத்தித் தெரிஞ்சதே நான் எழுதுற நேரமும் திகதியுந்தான்."

"பிடிவாதம் உனக்கு."

"ஆமா, பிடிவாதந்தான்."

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு. நான் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவள். காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது எங்கள் அம்மா ஓட்டமும் நடையுமாகத்தான் போய்ச் சேர்வாள். வீட்டில் கடிகாரம் கிடையாது. கங்காணியின் கையில்தான் கடிகாரம். அவர் பிந்தி என்றால் பிந்தி, அவ்வளவுதான். சில நாள் பிந்தி வந்தாய் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், சில நாள் அரைப்பேர் போட்டுவிடுவார்கள், முழு நாள் வேலைக்கு அரை நாள் கூலி. பிந்தவில்லை ஐயா, சங்கு ஊதுவதற்குள் வந்துவிட்டேன் என்று அம்மா சொல்லி நான் கேட்டிருக்கிறேன். நிரூபிக்க என்ன இருந்தது அவளிடம்? கடிகாரத்தை வைத்திருக்கிறவன் சொல்வதுதான் நேரம் என்று எனக்கு அப்போதே தெரியும். இப்போது கடிகாரம் எங்கள் கையில் இருக்கிறது என்பதற்காக, சரியான நேரத்துக்கு வந்து நின்ற ஒருத்தியைப் பார்த்து நீ பிந்திவிட்டாய் என்று நான் எழுதுவேனா? அவள் மெல்பேர்னில் இருந்தால் என்ன, வெள்ளைக்காரியாக இருந்தால் என்ன. என்னால் முடியாது. செத்தாலும் முடியாது.

திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்கே போனேன். கதிரையில் வேறு ஆள் இல்லை. இருந்திருந்தால் அந்த ஆளை எழுப்பிவிட்டு, சனிக்கிழமை விட்டுப்போன என் டிபன் பெட்டியை எடுத்திருப்பேன். முதலாளி வாசல் பக்கம் நின்று, என்னைப் பார்க்காமல் போனை நீட்டினார்.

"வாசி."

ஞாயிற்றுக்கிழமை மகனே மெயில் எழுதி அனுப்பியிருக்கிறார். உங்கள் சம்மதம் வெள்ளிக்கிழமை எங்கள் வேலை நேரத்துக்குப் பின் கிடைத்தது, அதனால் விலை காலாவதி என்று இரண்டே வரி. அதற்கு மெல்பேர்ன் அம்மாவின் பதில் வந்திருந்தது. நான் எழுதியதை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தார், இரண்டு ஊர் நேரமும், விடுமுறை என்றாலும் பார்ப்பேன் என்ற வரியும். அதற்குக் கீழே என்னுடைய வெள்ளிக்கிழமைப் பதில். அதற்கும் கீழே அவருடைய கேள்வி. நான் தமிழில் சத்தமாக வாசித்தேன், கீழே சாக்குத் தைக்கிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"இதில் எந்த வரியை நான் வேறு விதமாக வாசிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். இதை எழுதியவர் இன்னும் உங்களோடு வேலை செய்கிறாரா? செய்தால் அவரை எனக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். செய்யவில்லை என்றால், இனி நான் உங்களிடம் வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்."

பக்கத்தில் நின்ற மகன் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி வெளியே வீதியைப் பார்த்தார்.

"இப்ப என்ன செய்ற?" என்றார் கடைசியில்.

"நான் இங்க வேலை செய்றேனா முதலாளி? அத மொதல்ல சொல்லுங்க. அந்தம்மா கேட்டிருக்காங்க."

"ஏன் புள்ள இப்பிடி வம்புக்கு நிக்கிற?"

"செய்றேனா, இல்லையா?"

"செய்ற. செய்ற. போ, எழுது."

எழுதினேன். விலை மாறாது என்று முதல் வரியிலேயே எழுதினேன். நேற்று வந்த மெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று இரண்டாவது வரி. பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னேன், எங்களிடம் பாதிச் சரக்குத்தான் இருக்கிறது, சந்தை ஏறிவிட்டது, அந்தப் பாதியை ஒப்புக்கொண்ட நாளுக்கே ஏற்றிவிடுகிறோம், மீதியை மார்ச் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் ஏற்ற அனுமதிப்பீர்களா என்று. அந்த வெள்ளியின் திகதியைப் போட்டு, கொழும்பில் கப்பலில் ஏறும் நாள் அது, உங்கள் துறைமுகத்துக்கு வந்து சேரும் நாள் அல்ல என்றும் எழுதினேன். முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள், பழைய நாளுக்கே அனுப்புகிறோம். பதிலைப் புதன்கிழமை, இலங்கை நேரம் பகல் பன்னிரண்டு, மெல்பேர்ன் நேரம் மாலை ஐந்தரைக்குள் தாருங்கள், அன்று பின்னேரம்தான் கப்பலில் இடம் கேட்க வேண்டும்.

அந்த அம்மா அன்றைக்கே சம்மதித்தார். ஒரு மாதம் கிடைத்ததால் மகன் நாவுல பக்கமெல்லாம் அலைந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார். விலை இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. முதலாளிக்கு லாபம் இல்லை, சிறு நட்டம். அந்தப் பழியை என் தலையில் போட்டுவிட்டார். சரக்கு ஏறிய பிறகும் என்னோடு நேரே பேசுவதில்லை. "அவகிட்ட சொல்லு" என்று மகனிடம் சொல்வார், நான் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போது. சித்திரை வருசத்துக்குக் கொடுக்கிற புடவையும் அந்த வருசம் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். நான் நைலெக்ஸ் புடவைக்கு ஏங்கிக் கிடக்கவில்லை.

சித்திரை வருசப் பண்டிகை முடிந்து கடை திறந்த வாரத்தில் மெல்பேர்ன் அம்மா மறுபடி எழுதினார், இந்தத் தடவை சாதிக்காய். முதலாளிக்கு உள்ளுக்குள் சந்தோசம், வெளியே காட்டவில்லை. வேறு வழியில்லாமல் என் மேசைக்கு வந்து நேரேயே பேசினார்.

"வெலய எழுது. நேரம் போடாத, திகதி போடாத. 'சீக்கிரம் பதில் தாங்க'ன்னு மட்டும் எழுது. நமக்கு ஒரு வழி திறந்து ஈக்கட்டும்."

நான் ஒன்றும் சொல்லாமல் எழுதினேன். அமெரிக்க டொலர், கிலோவுக்கு, கொழும்புத் துறைமுகத்தில். கிழமை, திகதி, மாதம் எழுத்தில். மாலை ஐந்து இலங்கை நேரம், மெல்பேர்னில் ஒன்பதரை, அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டதால் இப்போது நாலரை மணித்தியாலம்தான் வித்தியாசம் என்று அதையும் ஒரு வரியில். முதலாளிக்கு இங்கிலிஷ் சரளமாக வராது, ஆனால் இலக்கம் வாசிக்கத் தெரியும். திரையில் ஐந்தைக் கண்டதும் முகம் சிவந்தது.

"நான் என்ன சொன்னன்? நீ என்ன எழுதுற?"

"நான் இப்பிடித்தான் எழுதுவேன் முதலாளி. வழி தெறந்து கெடந்தா ரெண்டு பக்கமும் தெறந்துதான் கெடக்கும். இத அனுப்பவா, வீட்டுக்குப் போகவா?"

"போ! வீட்டுக்கே போ!"

அனுப்பும் பட்டனை அழுத்தினேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பின்னால் அவர் ஏதோ கத்தினார், ஃபேன் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

அன்று இரவு வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மகளின் டியூஷன் காசு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று யோசித்தேன், பயமாகத்தான் இருந்தது. ஆனால் எழுதியதை நினைத்து ஒரு துளிக்கூட வருத்தம் வரவில்லை. அடுத்த நாள் காலை, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. முதலாளி.

"ஏன் புள்ள வரல்ல?"

"நீங்கதானே வீட்டுக்குப் போகச் சொன்னீங்க."

"அது கோவத்துல சொன்னது. மெல்பேர்ன்லருந்து பதில் வந்தீக்கி. நீளமா ஈக்கி. யாரு வாசிக்கிற? மகனுக்கும் விளங்குதில்ல. வா."

"எப்ப வரணும்?"

"இதென்ன கேள்வி? வாவன்."

மா ஒட்டிய விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் விடவில்லை.

"'வாவன்'னா எனக்கு விளங்காது முதலாளி. எந்த நாள், எத்தன மணிக்குன்னு தெளிவாச் சொல்லுங்க. சொன்னா வாறேன்."

போனை வைத்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒவ்வொரு சொல்லாக, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"இண்டைக்கு. வியாழக்கெழம. காலம்பற ஒம்பது மணி." கொஞ்சம் நிறுத்தினார். "நம்மட நேரம்."